ஓணான் ஏன் தண்டால் எடுக்கிறது?

காலை வெயில் ஏறிக் கருங்கல் சூடாகத் தொடங்கியதும், பாறையின் உச்சிக்கு ஓர் ஓணான் வந்து உட்காரும். கொஞ்ச நேரம் அசையாமல் வெயில் காயும். பிறகு முன்னங்கால்களை ஊன்றி மார்பை உயர்த்தும், தாழ்த்தும், மறுபடி உயர்த்தும். நாலைந்து முறை தண்டால் எடுத்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் அசையாமல் இருந்துவிடும். சில நிமிடங்கள் கழித்து அதே வேலையைத் திரும்பவும் செய்யும். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துக் குன்றுகளில் வாழும் பாறை ஓணானிடம் இதைப் பார்க்கலாம். ஊருக்குள் வேலியிலும் மதில் சுவரிலும் திரியும் சாதாரண ஓணானும் இப்படித்தான் தலையாட்டுகிறது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தலையாட்டலின் மேல் ஒரு பழைய கோபம் உண்டு. ஓணான் தங்களைப் பார்த்துக் கேலி செய்கிறது என்று நினைத்துக் கல்லெடுப்பார்கள். ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடிப்பார்கள். அது உடற்பயிற்சி செய்கிறது என்று வேடிக்கையாகச் சொல்பவர்களும் உண்டு. உண்மையில் ஓணான் அப்போது இன்னோர் ஓணானுடன் பேசிக்கொண்டிருக்கிறது. நாம் பெரும்பாலும் அந்தப் பேச்சுக்குச் சம்பந்தமில்லாதவர்கள்.

ஓணானுக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம். பறவையைப்போல் பாடவோ தவளையைப்போல் கத்தவோ அதனால் முடியாது. தொலைவில் இருப்பவருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு இருக்கும் ஒரே கருவி தன் உடல்தான். உடலசைவால் பேசுவதில் சில சிக்கல்கள் இருக்கின்றன. கேட்க வேண்டியவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கலாம். பார்த்தாலும், அசைவது தன் இனமா வேறா என்று அவருக்குத் தெரியாமல் போகலாம். தெரிந்தாலும், சொல்வதை ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்வி வரும். ஓணானின் தண்டாலுக்குள் இந்த மூன்றுக்கும் விடை இருக்கிறது.

எல்லாரும் தலையாட்டுவதில்லை

வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லி தண்டால் எடுத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது பெரும்பாலும் இரவில் நடமாடுகிறது. இருட்டில் உடலசைவு யார் கண்ணிலும் படாது. அதனால் அது ஒலியால் பேசுகிறது. நாம் சகுனம் பார்க்கும் அந்த ‘உச்சு’க் கொட்டல், பல்லிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. அரணையின் வழி வேறு. நாக்கை நீட்டி நீட்டி மண்ணின் வாசனையை அறிந்துகொண்டு சருகுக்குள் திரியும் பிராணி அது. அதன் உலகில் வாசனைக்குத்தான் முதலிடம்.

தலையாட்டுவது ஓணான் கூட்டம். பகலில் நடமாடி, உயரமான இடத்தில் உட்கார்ந்து, இரை அருகே வரும்வரை கண்ணால் காத்திருப்பவை இவை. நம் நாட்டு ஓணான்களும், அமெரிக்கக் கண்டங்களிலும் கரீபியன் தீவுகளிலும் வாழும் அவற்றின் தூரத்து உறவினர்களும் இப்படி வாழ்பவைதான். நாளெல்லாம் ஒரே இடத்திலிருந்து சுற்றுப்புறத்தைக் கண்காணிக்கும் விலங்குக்குக் கண்ணால் படிக்கும் மொழி வாய்த்ததில் வியப்பில்லை.

பாறை உச்சியில் நடப்பது

பாறை ஓணானின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்தப் பேச்சின் தேவை புரியும். ஆண் ஓணான் ஒரு பாறைத் திட்டைத் தன் எல்லையாக வைத்துக்கொள்கிறது. உருவத்தில் பெரிய ஆண்கள் உயரமான பாறைகளைப் பிடிக்கின்றன. உச்சியில் இருந்தால் எல்லை முழுவதும் தெரியும், தானும் எல்லார் கண்ணிலும் படலாம். ஆணைவிடச் சிறிய, பாறையோடு கலந்த பழுப்பு நிறப் பெண்கள் அந்த எல்லைக்குள் வந்து போகும்.

இன்னோர் ஆண் எல்லைக்குள் கால் வைத்தால் நேரே சண்டைக்குப் பாய்வது புத்திசாலித்தனம் ஆகாது. கடிபட்டால் காயம். கட்டிப் புரளும் நேரத்தில் மேலே வட்டமிடும் பருந்துக்கு இரண்டும் சேர்ந்து இரையாகலாம். அதனால் முதலில் அறிவிப்பு வருகிறது. உச்சியில் இருக்கும் ஆண் தண்டால் எடுக்கிறது, தொண்டையை உப்பவைக்கிறது. உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கி எதிரிக்குப் பக்கம் காட்டி நிற்கிறது. அப்படி நின்றால் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். பல மோதல்கள் இதோடு முடிந்துவிடுகின்றன. வந்தவன் திரும்பிப் போய்விடுகிறான்.

பாறை ஓணானின் பேச்சில் நிறமும் சேர்ந்துகொள்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மரியா தாக்கரின் ஆய்வுக்குழு இதை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டது. எதிரி ஆணைக் கண்டால் ஆண் ஓணானின் முதுகு மஞ்சளாகவும் பக்கவாட்டு ஆரஞ்சாகவும் மாறுகின்றன. பெண்ணைக் கண்டால் முதுகு சிவப்பாகவும் பக்கவாட்டு கறுப்பாகவும் மாறுகின்றன. சண்டைக்கான நிறம் வேகமாக வருகிறது. காதலுக்கான நிறம் அவ்வளவு வேகமாக வருவதில்லை, ஆனால் பளிச்சென்று எடுப்பாக இருக்கிறது. எதிரிக்கு முன்னால் தாமதித்தால் எல்லை போய்விடும், பெண்ணுக்கு முன்னால் மங்கலாக நின்றால் வாய்ப்பு போய்விடும் என்பதே இந்த வேறுபாட்டுக்கான விளக்கம். ஒரே விலங்கு, ஒரே பாறை. கேட்பவர் மாறினால் செய்தியும் மாறுகிறது.

வேலியோரத்து ஓணானுக்கும் இது பொருந்தும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தொண்டையும் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். ரத்தம் உறிஞ்சியதால் வந்த சிவப்பு என்று ஒரு பயம் ஊர்களில் இருக்கிறது. அது பூச்சிகளைத் தின்று வாழும் பிராணி. மனித ரத்தத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. அந்தச் சிவப்பு இன்னோர் ஓணானுக்காகப் பூசிக்கொண்டது.

ஆடும் இலைகளுக்கு நடுவே

இனி முதல் சிக்கல். தூரத்தில், வேறு பக்கம் பார்த்திருக்கும் ஓணானின் கவனத்தை எப்படித் திருப்புவது?

ஓணானின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாப் பக்கமும் ஏதோ கொஞ்சம் தெரியும், ஆனால் கூர்மையாகத் தெரிவது சிறு பகுதி மட்டுமே. ஓரப்பார்வையில் ஓர் அசைவு பட்டால்தான் கண்ணை அங்கே திருப்பி உற்றுப் பார்க்கும். பிரச்சினை என்னவென்றால், காட்டில் எல்லாமே அசைகிறது. காற்றடித்தால் ஆயிரம் இலைகள் ஆடுகின்றன. ஒவ்வோர் இலைக்கும் கண்ணைத் திருப்பினால் ஓணான் பிழைக்க முடியாது. அதனால் ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வரும் அசைவை அதன் பார்வை சீக்கிரமே ஒதுக்கிவிடுகிறது.

பனாமா நாட்டுப் புல்வெளிகளில் வாழும் ஒருவகை அனோலிஸ் ஓணான்களை வைத்து லியோ ஃபிளீஷ்மன் 1980-களில் இதை விளக்கினார். அனோலிஸ் என்பது அமெரிக்க வெப்ப மண்டலத்தில் பரவியிருக்கும் சிறிய மர ஓணான்களின் கூட்டம். தொண்டைக்குக் கீழே விசிறிபோல் விரியும் வண்ணத் தோல் அவற்றின் அடையாளம். காற்றில் புல் மெதுவாக, வழுக்கலாக ஆடுகிறது. ஓணானின் தலையசைப்போ வெடுக்கென்று தொடங்கி வெடுக்கென்று நிற்கிறது. தூரத்தில் இருப்பவர்களுக்காகச் செய்யும் அசைவின் தொடக்கம் இன்னும் பெரிதாகவும் திடீரென்றும் இருக்கிறது. புல்லின் ஆட்டத்தைக் கழித்துவிடப் பழகிய கண்ணில் அந்தத் திடீர் அசைவு தைக்கிறது.

இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவர்கள் டெரி ஆர்ட், ஜூடி ஸ்டாம்ப்ஸ் இருவரும். போர்ட்டோ ரீக்கோ தீவின் மழைக்காட்டில், நிழல் அடர்ந்த மரத்தண்டுகளில் வாழும் அனோலிஸ் ஓணான்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அந்த ஓணானின் வழக்கமான அறிவிப்பு, தலையை ஆட்டுவதும் தொண்டை விசிறியை விரிப்பதும்தான். சில வேளைகளில் மட்டும் அதற்கு முன்னால் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது. நாலு கால்களையும் ஊன்றி முழு உடலையும் தூக்கி, சில வேகமான தண்டால்கள். காட்டில் வெளிச்சம் குறைந்திருக்கும்போதும், காற்றில் இலைகள் நிறைய ஆடும்போதும் இந்தத் தண்டால்கள் கூடுதலாக வருவதை அவர்கள் கவனித்தார்கள். அந்தக் காலத்தில் ஊருக்குள் தண்டோரா போட வந்தவர் எடுத்த எடுப்பில் சேதியைச் சொல்ல மாட்டார், முதலில் பறையைத் தட்டி வீட்டுக்குள் இருப்பவர்களை வெளியே வரவைப்பார். இந்தத் தண்டால்களும் அப்படிப்பட்ட முன்னறிவிப்பாக இருக்குமோ என்பது அவர்களின் ஐயம்.

ஐயத்தைத் தீர்க்க இயந்திர ஓணான் செய்தார்கள். நிஜ ஓணானைப்போலவே உருவம், உள்ளிருந்து மோட்டாரால் இயங்கும் உடல். காட்டு ஓணான் உட்கார்ந்திருக்கும் மரத்துக்குச் சற்றுத் தொலைவில் இதைப் பொருத்தி இயக்கினார்கள். ஒருமுறை வெறும் தலையசைப்பு. இன்னொருமுறை தண்டாலில் தொடங்கி அதன்பின் தலையசைப்பு. நிஜ ஓணான் எவ்வளவு நேரத்தில் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறது என்பதை ஒளிப்படக் கருவியில் பதிந்து கணக்கிட்டார்கள். வெளிச்சம் மங்கி இலைகள் ஆடிக்கொண்டிருந்தபோது, தண்டாலோடு தொடங்கிய அறிவிப்பை நிஜ ஓணான்கள் விரைவாகக் கண்டுகொண்டன. தெளிவாகத் தெரியும் வேளையில் அந்தத் தண்டால் பெரிய உதவியாக இல்லை. 2008-இல் வெளியான இந்த ஆய்வு, சூழ்நிலையைப் பார்த்துத் தன் பேச்சின் தொடக்கத்தை ஓணான் மாற்றிக்கொள்கிறது என்று காட்டியது. தேவையில்லாதபோது அது தண்டால் எடுத்துச் சக்தியை வீணாக்குவதில்லை.

ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தாளம்

கவனம் கிடைத்துவிட்டது. இனி, தான் யார் என்று சொல்ல வேண்டும்.

ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் கார்ப்பென்டர் 1960-களில் ஓணான்களின் தலையசைப்பைப் படச்சுருளில் பதிவு செய்தார். ஒவ்வொரு படமாக நிறுத்தித் தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தார். கிடைமட்டத்தில் நேரத்தையும் செங்குத்தில் உயரத்தையும் குறித்துக் கோடு வரைந்தபோது ஒவ்வோர் இனத்துக்கும் தனி வடிவம் கிடைத்தது. ஓர் இனம் இரண்டு சிறு அசைவு, ஓர் இடைவெளி, பிறகு ஒரு பெரிய அசைவு என்று போகும். இன்னொன்று உயரே போய்ச் சற்று நின்று இரண்டு படியாக இறங்கும். கலாபகஸ் தீவுகளின் எரிமலைப் பாறைகளில் வாழும் ஓணான்களைப் பார்த்தபோது, வெவ்வேறு தீவின் ஓணான்கள் வெவ்வேறு விதமாகத் தண்டால் எடுப்பதையும் அவர் கண்டார்.

இந்தத் தாளம் ஓணான்களுக்கே பொருள்படுகிறதா? டான் ஹன்சேக்கர் 1962-இல் இதைச் சோதித்து எழுதினார். டெக்சாஸ், மெக்சிகோ பகுதிகளில் உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும் முள்செதில் ஓணான் இனங்கள் அவர் எடுத்துக்கொண்டவை. ஓணான் பொம்மைகளை மோட்டாரோடு இணைத்து, ஒவ்வொன்றையும் ஓர் இனத்தின் தாளத்தில் தலையாட்ட வைத்தார். பெண் ஓணான்கள் தங்கள் இனத்தின் தாளத்தில் ஆடிய பொம்மையின் பக்கமே கூடுதலாகச் சென்றன. பொம்மைக்கு உயிர் இல்லை, வாசனை இல்லை, தாளம் மட்டுமே இருந்தது. இனம் மாறிக் கூடிவிடாமல் காக்கும் வேலையில் அந்தத் தாளத்துக்குப் பங்கு உண்டு என்பது இதிலிருந்து தெரிந்தது.

நம்பவைப்பது எப்படி?

மூன்றாவது சிக்கல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வலிமையானவன் என்று சும்மா சொல்லிக்கொள்ள யாராலும் முடியும். எதிரி அதை ஏன் நம்ப வேண்டும்?

விடை தண்டாலின் உழைப்பில் இருக்கிறது. வட அமெரிக்கப் பாலைப் பகுதிகளில் வாழும் ஒரு சிறிய ஓணான் இனத்தில் யோனி பிராண்ட் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. எதிரியை மிரட்டித் தண்டால் எடுத்து முடித்த ஓணானை ஓடவிட்டால், ஓய்வாக இருந்த நாளில் ஓடியதைவிடச் சீக்கிரம் களைத்துவிடுகிறது. மிரட்டலே உடலின் தாங்குதிறனைத் தின்றுவிடுகிறது. அப்படியானால் நீண்ட நேரம் விடாமல் மிரட்டுவது, உடலில் நிறையத் தெம்பு இருப்பவரால் மட்டுமே முடியும். நோஞ்சான் ஓணான் இதில் பொய் சொல்லப் பார்த்தால் பாதியிலேயே மூச்சு வாங்கும்.

இந்தச் செய்தி எதிரி ஓணானுக்கு மட்டும் போவதில்லை. மானுவல் லியால் போர்ட்டோ ரீக்கோவில் இன்னோர் அனோலிஸ் இனத்தை ஆராய்ந்தார். அங்கே அந்த ஓணானைத் தின்னும் பாம்பு ஒன்று உண்டு. பாம்பைக் கண்டதும் ஓணான் ஓடி ஒளியும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் பல ஓணான்கள் பாம்பைப் பார்த்தபடியே தண்டால் எடுத்தன. லியால் பாம்பு பொம்மையை ஓணான்களுக்குக் காட்டி, ஒவ்வொன்றும் எத்தனை தண்டால் எடுக்கிறது என்று குறித்துக்கொண்டார். பிறகு அதே ஓணான்களைப் பிடித்துவந்து களைத்து நிற்கும்வரை ஓடவிட்டார். 1999-இல் வெளியான முடிவு இதுதான்: பாம்பின் முன்னால் அதிகத் தண்டால் எடுத்த ஓணான்கள் அதிக நேரம் ஓடக்கூடியவையாகவும் இருந்தன. “உன்னை நான் பார்த்துவிட்டேன், துரத்தினாலும் உன்னால் பிடிக்க முடியாது” என்று பாம்பிடம் சொல்கிறது ஓணான். ஒளிந்திருந்து தாக்கும் பாம்புக்கு, பார்த்துவிட்ட இரையைத் துரத்துவதில் லாபம் இல்லை. அதனால் அதற்கும் இது பயனுள்ள தகவலே.

நீங்களும் படிக்கலாம்

இதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஓணான் இருக்கும் ஒரு மதிலோ வேலியோ போதும். கோடையிலும் அதன்பின் வரும் மழை மாதங்களிலும், அவற்றின் இனப்பெருக்கக் காலத்தில், காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு பாருங்கள். அதிகாலையில் உடல் குளிர்ந்திருக்கும் ஓணான் வெயில் காய்வதிலேயே கவனமாக இருக்கும்.

ஏழெட்டு அடியாவது தள்ளி, அசையாமல் நில்லுங்கள். நீங்கள் நெருங்கியதும் தலையாட்டத் தொடங்கினால் அது உங்களுக்கான எச்சரிக்கையாக இருக்கலாம். பின்வாங்கிக் காத்திருங்கள். முதலில் கால்களைக் கவனியுங்கள். கழுத்து மட்டும் அசைகிறதா, முன்னங்கால்கள் மடங்கி நிமிர்கின்றனவா, நாலு காலும் சேர்ந்து உடலைத் தூக்குகின்றனவா? அடுத்து உடலைப் பாருங்கள். தட்டையாகிப் பக்கவாட்டில் திரும்பி, தொண்டையும் உப்பியிருந்தால் அருகில் இன்னோர் ஆண் இருக்க வாய்ப்பு அதிகம். ஓணான் பார்க்கும் திசையில் தேடுங்கள். உடல் சாதாரணமாக இருந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மட்டும் தலையாட்டினால் அது பொதுவான அறிவிப்பு. “இந்த இடம் என்னுடையது” என்று யார் பார்க்கிறார்களோ அவர்களுக்குச் சொல்கிறது. அதற்குப் பதில் சொல்லும் ஓணானைத் தேடி ஏமாற வேண்டாம்.

பச்சோந்தியோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். பச்சோந்தி கிளையில் நடக்கும்போது முன்னும் பின்னும் ஆடி ஆடிப் போகும். காற்றில் ஆடும் இலையோடு கலந்து மறைய அது உதவுவதாகக் கருதப்படுகிறது. ஓணானின் தலையசைப்பு கண்ணில் படுவதற்கு, பச்சோந்தியின் ஆட்டம் படாமல் இருப்பதற்கு.

கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுக்கும் வசதி இருந்தால் கார்ப்பென்டர் செய்ததை நீங்களே செய்யலாம். காணொளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, தலையின் உயரத்தைக் கட்டம் போட்ட தாளில் புள்ளிகளாக வையுங்கள். புள்ளிகளை இணைத்தால் உங்கள் வேலி ஓணானின் தாளம் கோடாகக் கிடைக்கும். அடுத்த வேலியில் இருக்கும் ஓணானுக்கும் வரைந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளி மாணவர்கள் ஒரு விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய நல்ல ஆய்வு இது. காணொளி எடுக்கும்போது கைப்பேசியை எதிலாவது சாய்த்து வைப்பது முக்கியம். கை ஆடினால் கோட்டில் பதிவாவது உங்கள் கையின் தாளமாகிவிடும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லிக்கொடுங்கள். தலையாட்டும் ஓணான் யாரையும் கேலி செய்யவில்லை, யார் ரத்தத்தையும் குடிக்கவில்லை. தன் இடத்தையும் துணையையும் காக்கப் பேசுகிறது. கல்லையும் சுருக்கையும் கீழே போட்டுவிட்டு அந்தப் பேச்சைப் பார்க்கப் பழக்குங்கள்.